ஓட்டோவில் போகும் அறிவித்தல்: கலைஞர், திகதி, ரிக்கெற், அவசரம் நான்கையும் அரை நிமிடமளவில் சொல்வது

வன்னியில் ஒரு கல்லூரிக் கலைவிழாவுக்கோ இசைமாலைக்கோ சனம் சேர்க்க மூன்று வழி இருக்கிறது: சந்தியில் ஒட்டும் நோட்டீஸ், வட்ஸ்அப், ஸ்பீக்கர் கட்டிய ஓட்டோ. நோட்டீஸை நின்று வாசிக்கலாம். வட்ஸ்அப்பைத் திரும்பப் போட்டுக் கேட்கலாம். ஓட்டோ மட்டும் கடந்து போய்விடும், கேட்பவருக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை. ஆகவே ஓட்டோவுக்கு எழுதத் தெரிந்தால் மற்ற இரண்டுக்கும் அதையே வெட்டி ஒட்டலாம். மறுபக்கமாகச் செய்தால், அதாவது நோட்டீஸில் உள்ளதை மைக்கில் வாசித்தால், ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது.

கீழே வரும் உதாரணம் முழுவதும் ஒரே நிகழ்ச்சி: கிளிநொச்சியில் ஒரு கல்லூரி மைதானத்தில் மார்ச் 14 சனிக்கிழமை நடக்கும் இசைமாலை, 600 ரிக்கெற். கல்லூரி, பாடகர், கடைப் பெயர்களுக்குப் பதிலாக "இன்ன", "இன்னார்" என்று போட்டிருக்கிறது.

1. பேனை எடுக்க முன் முடிந்திருக்க வேண்டியவை

திகதியை முதலில் பூட்டுங்கள். வன்னியில் திகதி என்பது மைதானம் கிடைக்கிறதா என்ற கேள்வி மட்டுமல்ல. மே 18ஐ ஒட்டிய வாரத்திலும், நவம்பர் 27ஐ ஒட்டிய வாரத்திலும் இங்கே பாட்டுக் கச்சேரி வைப்பதில்லை. அந்த நாட்களில் ஓட்டோவில் சினிமாப் பாட்டுப் போட்டுக்கொண்டு போனாலே நிகழ்ச்சி கெட்டுவிடும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆகஸ்ட் 15இல் மடுத் திருவிழா என்று ஊரே வேறு பக்கம் போகும் நாட்களையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானம் சேறாகும். பெரும்போக அறுவடை முடிந்த கையோடு வரும் மாசி, பங்குனி இரண்டு வகையில் நல்லது: நிலம் காய்ந்திருக்கும், கையில் காசும் இருக்கும்.

அடுத்தது ஒலிபெருக்கி அனுமதி. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின் கீழ் இதைப் பொலிஸிடம் எடுக்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் மைதானத்துக்கு மட்டும் அனுமதி எடுத்துவிட்டு, ஓட்டோவுக்கும் அதுவே போதும் என்று நினைக்கிறார்கள். ஓட்டோ ஓடும் பாதையையும் நேரத்தையும் கடிதத்திலேயே எழுதிக் கேளுங்கள். தருமபுரம் பக்கம் போவதென்றால் அது வேறு பொலிஸ் பிரிவு, அங்கேயும் கேளுங்கள். அனுமதிக் கடிதத்தின் பிரதி ஒன்று சாரதியிடம் இருக்க வேண்டும். நடுவழியில் மறித்தால் விளக்கம் சொல்லப்போவது அவர்தான்.

ரிக்கெற் விற்கிற நிகழ்ச்சிக்குக் களியாட்ட வரி உண்டு. புத்தகங்களை உள்ளூராட்சி சபைக்குக் கொண்டுபோய் முத்திரை குத்துவித்த பிறகுதான் விற்பனைக்குக் கொடுக்கலாம். கிளிநொச்சி நகரத்துக்கு அது கரைச்சிப் பிரதேச சபை. இதை முதலே முடிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அறிவித்தல் ஓடத் தொடங்கிய அன்றே ஆட்கள் கடைக்கு வருவார்கள். கடையில் ரிக்கெற் இல்லையென்றால் திரும்ப வரமாட்டார்கள்.

2. ஒருவர் காதில் எத்தனை செக்கன் விழும் என்று அளப்பது

இந்த ஒரு அளவு தெரியாமல் எழுதினால் மற்ற எல்லாம் வீண். ஸ்பீக்கர்காரரிடம் ஓட்டோவை மைதானத்தில் நிறுத்தி, ஓடுகிற சத்தத்தில் ஏதாவது ஒரு அறிவித்தலைப் போடச் சொல்லுங்கள். ஒருவர் கொப்பியும் பேனையுமாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். சத்தம் கேட்காமல் போகிற இடம் நமக்குத் தேவையில்லை. திகதியையும் விலையையும் பிழையில்லாமல் எழுத முடியாமல் போகிற இடம்தான் எல்லை. சத்தம் அதற்கப்பால் இன்னும் வெகுதூரம் கேட்கும், சொல் கேட்காது.

அந்த எல்லை 100 மீற்றர் என்று வைப்போம். ஓட்டோ வரும்போது 100 மீற்றர், போகும்போது 100 மீற்றர், மொத்தம் 200. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டோ செக்கனுக்கு நாலு மீற்றர் சொச்சம் நகரும். ஆகவே வாசலில் நிற்பவருக்கு ஏறத்தாழ 48 செக்கன் கிடைக்கிறது. அதே ஓட்டோ 30இல் போனால் 24 செக்கன்தான். சாரதிகள் பின்னேரமாகும்போது தங்களை அறியாமலே 30க்குப் போய்விடுவார்கள். அதனால் ஒரு பொடியனை உள்ளே இருத்தி வேகத்தைப் பார்க்க விடுவது வீண்செலவல்ல.

காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் காற்றுக்கு எதிர்ப்பக்கம் இந்த 100 மீற்றர் நன்றாகவே குறையும். இரண்டு பக்கமும் நடந்து பார்த்து, குறைந்ததை எடுங்கள்.

தெளிவாக, மூச்செடுத்து வாசித்தால் தமிழில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ ஒன்றரைச் சொல் வரும். ஐம்பது சொல் என்றால் 33 செக்கன். அதோடு ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் ஐந்து செக்கன் மௌனம். மொத்தம் 38, நமக்கு இருக்கும் 48க்குள் அடங்குகிறது. எழுதும்போது ஐம்பது சொல்லைத் தாண்டாதீர்கள்.

இன்னொன்று: கேட்பவர் தொடக்கத்திலிருந்து கேட்பார் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை. கிணற்றடியில் நிற்பவருக்கு நடுவிலிருந்துதான் காதில் விழும். ஆகவே இது தலையும் வாலும் உள்ள பேச்சாக இருக்கக்கூடாது, வட்டமாக இருக்க வேண்டும். எங்கே பிடித்தாலும் விளங்க வேண்டும். திகதியையும் இடத்தையும் முதலிலும் கடைசியிலும் வைப்பது இதற்காகத்தான்.

3. கலைஞர் பெயர்கள்

இரண்டு பேர், கூடினால் மூன்று. மேடையில் பதினொரு பேர் பாடினாலும் ஓட்டோவில் மூன்று பேர்தான். நாலாவது பெயரைக் கேட்கும்போது முதலாவது மறந்துபோகும்.

எந்த மூன்று? சனம் ஏற்கனவே அறிந்த ஒரு பெயர், ஊருக்குச் சொந்தமான ஒரு பெயர் அல்லது இசைக்குழு, இளம் பெடியளுக்காக ஒன்று. ஊர்ப் பெயரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெளியிலிருந்து வரும் பாடகரைப் பார்க்க வராத ஒரு குடும்பம், பக்கத்து வீட்டுப் பிள்ளை கீபோர்ட் வாசிப்பதைப் பார்க்க வரும்.

முற்பணம் கொடுத்து, திகதியை எழுத்தில் உறுதிப்படுத்திய பெயரை மட்டும் எழுதுங்கள். "வருவார் போலதான்" என்று தொலைபேசியில் சொன்னவரை மைக்கில் சொல்லவேண்டாம். பெயர் போன பிறகு ஒருவர் வராமல் விட்டால், அன்றே எல்லாப் பதிவுகளையும் மாற்றி, அவர் வரமாட்டார் என்பதையும் அவருக்குப் பதிலாக யார் வருகிறார் என்பதையும் சொல்லி, கேட்பவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறைத்தால் வாசலில் சண்டை, அடுத்த வருடம் ரிக்கெற் விற்காது.

பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், தலைமை, அனுசரணை எல்லாம் அழைப்பிதழுக்குரியவை. அவர்கள் பெயரைக் கேட்டு ஒருவரும் ரிக்கெற் வாங்குவதில்லை. கூட்டத்தில் இதைச் சொல்லி வெல்வதுதான் இந்த வழிகாட்டியிலேயே மிகக் கடினமான படி. ஐம்பது சொல் கணக்கைக் கடதாசியில் எழுதிக் காட்டி, "இவரைச் சேர்த்தால் விலையை எடுக்க வேண்டும், எதை எடுப்பம்?" என்று கேட்பது ஓரளவு வேலை செய்யும்.

4. திகதி, நேரம், இடம்

திகதியோடு கிழமையைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஹோர்ன் ஸ்பீக்கரில் "பதினாலு", "பதினேழு" இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். "பதினாலு, சனிக்கிழமை" என்றால் பிழைபட வழியில்லை.

"எதிர்வரும் சனிக்கிழமை", "வாற சனி" என்று எழுதவேண்டாம். இரண்டு வாரத்துக்கு முன் பதிவு செய்த குரல் அது. முதல் வாரத்தில் கேட்டவர் ஒரு சனி முந்தி மைதானத்தில் வந்து நிற்பார்.

"எமது கல்லூரி" என்பதும் அப்படித்தான். ஏ9 வீதியோரம் எத்தனை கல்லூரி! ஓட்டோ தருமபுரத்தில் போகும்போது அங்கே "எமது கல்லூரி" என்றால் அவர்களுடைய கல்லூரி. ஊர்ப் பெயர், கல்லூரிப் பெயர் இரண்டையும் சொல்லுங்கள்.

தொடங்கும் நேரத்தைவிட முடியும் நேரம் இங்கே முக்கியம். வெளிக் கிராமங்களுக்கு இரவில் பஸ் இல்லை. பொம்பிளைப் பிள்ளைகளைக் கூட்டிவரும் தாய் முதலில் கேட்பது "எத்தனைக்கு முடியும்?" என்பதுதான். "இரவு ஒன்பதரைக்கு முடியும்" என்ற மூன்று சொல் எந்த அலங்காரத்தையும்விட ஆள் சேர்க்கும். உயர் நீதிமன்றம் 2007இல் இட்ட கட்டளைப்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு இருப்பதால், ஒன்பதரை என்பது எப்படியும் பொருத்தமான நேரம். சொன்ன நேரத்துக்கு முடிக்கவும் வேண்டும்.

5. ரிக்கெற்

மூன்று விடயம்: விலை, எங்கே எடுப்பது, சிறுவர்களுக்கு என்ன. கடைசியை விட்டுவிட்டால் நாலு பிள்ளையுள்ள குடும்பம் நாலு ரிக்கெற் கணக்குப் போட்டு வீட்டிலேயே நின்றுவிடும்.

விலையை எழுத்தில் எழுதுங்கள், "300/=" என்று எழுதவேண்டாம். வாசிப்பவர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரிச் சொல்வார். முந்நூறு, ஐந்நூறு, எண்ணூறு மூன்றுக்கும் வால் ஒன்றுதான். அதனால் இலக்கத்துக்கு முன் ஒரு சிறு இடைவெளி விட்டு, முதல் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு விலை இருந்தால் அவை பக்கத்துப் பக்கமாக வராமல் இடையில் நாலைந்து சொல்லாவது வருமாறு எழுதினால் இன்னும் நல்லது.

விற்கும் இடம் இரண்டு போதும், இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த சந்தியில் இருக்க வேண்டும். தொலைபேசி இலக்கம் சொல்லவேண்டாம். ஓடுகிற ஓட்டோவிலிருந்து பத்து இலக்கத்தை ஒருவரும் எழுதப் போவதில்லை, ஏழு செக்கன் போய்விடும். இலக்கத்தை நோட்டீஸில் போடுங்கள்.

6. அவசரம்

"முந்துங்கள்", "மட்டுப்படுத்தப்பட்ட ரிக்கெற்றுகளே உள்ளன", "தவறவிடாதீர்கள்": இவற்றைச் சனம் கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது. அதைவிட, சின்ன ஊரில் பொய் நிற்காது. "ரிக்கெற் முடியப்போகுது" என்று ஓட்டோ சொல்லும், கடையில் புத்தகம் தடிப்பாகக் கிடக்கும். அடுத்த நாள் ஊர் முழுக்கச் சிரிப்பு.

அவசரம் என்பது ஒரு நேரத்தில் உண்மையாகவே முடிகிற ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றுதான் இங்கே வேலை செய்யும்.

முதலாவது, விலை மாறும் நேரம். வெள்ளி பின்னேரம் ஆறு மணிவரை முந்நூறு, பிறகு ஐந்நூறு. கெஞ்சிக் கேட்கிறார்கள் என்பதற்காகச் சனிக்கிழமை வாசலில் முந்நூறுக்குக் கொடுத்தால், முந்தி வாங்கியவர்கள் எல்லோரும் ஏமாந்தவர்களாகிவிடுவார்கள்.

இரண்டாவது, மிச்சமிருக்கும் எண்ணிக்கை. இதைச் சொல்ல வேண்டுமென்றால் எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். 600 ரிக்கெற்றையும் இலக்கமிட்டு, 200, 200ஆக இரண்டு கடைக்கும் மாணவர் ஒன்றியத்துக்கும் பிரியுங்கள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்து மணிக்கு மூன்று இடத்திலும் கடைசியாகக் கிழித்த இலக்கத்தைக் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். வியாழன் 420 போயிருந்தால், "இன்னும் நூற்றெண்பது ரிக்கெற்தான்" என்று வெள்ளி சொல்லலாம். 150தான் போயிருந்தால் எண்ணிக்கையைப் பற்றிப் பேசவே வேண்டாம், விலை மாறும் நேரத்தை மட்டும் சொல்லுங்கள்.

மூன்றாவது, பஸ் இருக்கை. நிகழ்ச்சி முடிய ஒன்பதே முக்காலுக்கு பரந்தன், தருமபுரம், விசுவமடு பக்கம் ஒரு பஸ் ஒழுங்கு செய்திருந்தால், அந்தப் பாதையில் ஓடும் பதிவில் அதைச் சொல்லுங்கள். ஒரு பஸ்ஸில் இத்தனை பேர்தான் என்பதும், ரிக்கெற் எடுக்கும்போதே பெயர் கொடுக்க வேண்டும் என்பதும் எவருக்கும் விளங்கும். ஒழுங்கு செய்யாத பஸ்ஸைச் சொல்லக்கூடாது என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

7. ஒரு பிரதியைத் திருத்துவோம்

முதல் தடவை எழுதுபவர் பெரும்பாலும் இப்படித்தான் கொண்டுவருவார்:

"அன்பார்ந்த பொதுமக்களே! எமது கல்லூரியின் மாணவர் ஒன்றியமும் பழைய மாணவர் சங்கமும் இணைந்து பெருமையுடன் வழங்கும் வரலாறு காணாத மாபெரும் இன்னிசை மாலை! பல முன்னணிப் பாடகர்கள், நடனக் கலைஞர்கள் மற்றும் பலர் கலந்து சிறப்பிக்க இருக்கிறார்கள். எதிர்வரும் சனிக்கிழமை மாலை எமது கல்லூரி மைதானத்தில். ரிக்கெற்றுகள் மட்டுப்படுத்தப்பட்ட அளவிலேயே உள்ளன. முந்துங்கள்! அனைவரும் வருக!"

நாற்பது சொல். முதல் 17 சொல் முடிய ஏறத்தாழ 11 செக்கன் போகிறது, அதற்குள் ஓட்டோ 45 மீற்றர் நகர்ந்துவிட்டது. அதுவரை கேட்டவருக்குத் தெரிந்தது ஏதோ ஒரு இன்னிசை மாலை என்பது மட்டும். முழுவதும் கேட்டாலும் எந்தச் சனி, எத்தனை மணி, எந்தக் கல்லூரி, ஆர் பாடுகினம், என்ன விலை, எங்கே வாங்குவது ஒன்றும் இல்லை. நல்ல குரல் இதைக் காப்பாற்றாது.

அதே நிகழ்ச்சி, திருத்திய பிறகு:

"மார்ச் பதினாலு, சனிக்கிழமை. கிளிநொச்சி, இன்ன கல்லூரி மைதானம். பின்னேரம் ஐந்தரைக்குத் தொடங்கும் இசைமாலை. பாடகர் இன்னார், பாடகி இன்னார், எங்கள் ஊர் இன்ன இசைக்குழு. ரிக்கெற் முந்நூறு ரூபா. வெள்ளி பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஐந்நூறு. பன்னிரண்டு வயதுக்குக் கீழே இலவசம். கரடிப்போக்குச் சந்தியில் இன்ன கடை, பரந்தன் சந்தியில் இன்ன கடை. இரவு ஒன்பதரைக்கு முடியும். மார்ச் பதினாலு, சனிக்கிழமை, இன்ன கல்லூரி மைதானம்."

49 சொல். வணக்கம் இல்லை, வருக இல்லை. மரியாதைக் குறைவாக இருக்கிறதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். கடைசியில் "வாங்கோ" என்று ஒரு சொல் சேர்த்தால் ஐம்பது, அதோடு நிறுத்துங்கள்.

பதிவு செய்ய முன் ஒரு சோதனை. நிகழ்ச்சியைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம், ரீக்கடைக்காரரோ பக்கத்து வீட்டு அம்மாவோ, ஒரே ஒரு முறை வாசித்துக் காட்டி, வேறு ஏதாவது கதைத்துவிட்டு, பிறகு கேளுங்கள்: எப்ப? எங்க? ஆர் பாடுகினம்? எவ்வளவு? எத்தனைக்கு முடியுது? அவர் தடுமாறுகிற இடத்தில்தான் பிரதியைத் திருத்த வேண்டும். குழுவில் உள்ளவர்களிடம் கேட்டால் பயனில்லை, அவர்களுக்கு விடை முதலே தெரியும்.

8. மூன்று பிரதி, மூன்று கோப்பு

மேலே உள்ளது முதல் பிரதி. இரண்டு வாரத்துக்கு முன்னாலிருந்து போடலாம்.

இரண்டாவது, வியாழனும் வெள்ளியும் போடுவது. இதில் அவசரம் முன்னுக்கு வரும்: "வெள்ளி பின்னேரம் ஆறு மணியோடு முந்நூறு ரூபா ரிக்கெற் முடியும்." பிறகு திகதி, இடம், பெயர், கடை. இந்த நேரத்தில் சனத்துக்கு நிகழ்ச்சி தெரியும், தெரியாதது காலக்கெடு. ஆகவே பாடகர் பெயரில் ஒன்றைக் குறைத்து அந்த இடத்தை அதற்குக் கொடுக்கலாம்.

மூன்றாவது, சனிக்கிழமை காலையிலிருந்து: "இன்று சனிக்கிழமை, பின்னேரம் ஐந்தரைக்கு. வாசலில் ஐந்நூறு ரூபா." ரிக்கெற் முழுவதும் முடிந்திருந்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். விசுவமடுவிலிருந்து வந்து வாசலில் திரும்பிப் போகிறவர் உங்களை மன்னிக்க மாட்டார்.

வழக்கமாக நடக்கும் பிழை: வெள்ளி ஆறு மணிக்குப் பிறகும் இரண்டாவது பதிவு ஓடிக்கொண்டிருக்கும், அல்லது "இன்று" என்ற பதிவு தவறி வெள்ளியே ஓடும். ஒரே பென் டிரைவில் மூன்றையும் போட்டுக் கொடுத்தால் இது நடக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி பென் டிரைவ், மேலே டேப் ஒட்டி "வியாழன், வெள்ளி 6 மணிவரை" என்று பேனையால் எழுதிக் கொடுங்கள். பழையதைத் திருப்பி வாங்கிக்கொண்டுதான் புதியதைக் கொடுக்க வேண்டும்.

9. ஒலிப்பதிவு

ஸ்டுடியோ தேவையில்லை. கண்ணாடி ஏற்றி, எஞ்சின் நிறுத்திய காருக்குள், அல்லது உடுப்புகள் தொங்கும் அறைக்குள், தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடித்துப் பதியலாம். வெறும் சுவருள்ள வகுப்பறையில் பதிந்தால் எதிரொலி வரும். ஹோர்னில் போடும்போது அது இரட்டித்துச் சொல்லையே தின்றுவிடும்.

பேச்சுக்குப் பின்னால் பாட்டுப் போடவேண்டாம். ஹோர்ன் ஸ்பீக்கரில் கனமான ஒலி வராது. பேச்சும் பாட்டும் ஒரே குறுகிய இடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வரும், தோற்பது பேச்சு. பாட்டு வேண்டுமென்றால் வீடில்லாத வெளிகளில் தனியாகப் போடட்டும், வீடுகள் தொடங்கும் இடத்தில் நிறுத்தட்டும். அதே காரணத்தால் தடித்த ஆண் குரலைவிட, உச்சரிப்புத் தெளிவான பெண் குரலோ மெல்லிய ஆண் குரலோ இதில் நன்றாக விளங்கும்.

கூடுதல் எக்கோ வைக்கச் சொல்லி ஸ்பீக்கர்காரர் ஆசைப்படுவார். விடவேண்டாம்.

பதிந்ததைத் தொலைபேசியில் கேட்டுத் திருப்திப்பட்டு விடாதீர்கள். ஓட்டோவில் போட்டு, 2ஆம் படியில் அளந்த அந்த 100 மீற்றரில் நின்று கேளுங்கள். சத்தத்தைக் கூட்டும்போது குரல் கரகரத்தால், அம்பிளிபயரில் இரண்டு படி குறைத்தால்தான் கூடுதல் தூரம் விளங்கும். கரகரத்த சத்தம் தூரம் போகும், சொல் போகாது.

10. ஓட்டம்

நேரம் முதலில். காலையில் வயலுக்கும் வேலைக்கும் போய்விடுவார்கள். பின்னேரம் நாலு முதல் ஆறரை வரை குடிமனைகளில் ஓடுவதுதான் பயன். மதியம் ஒன்றரைக்குப் பாடசாலை விடும் நேரத்தில் பஸ் நிலையத்தடியிலும், ரியூசன் விடும் நேரத்தில் அந்தச் சந்தியிலும் நிறுத்திப் போடலாம்.

வன்னியில் பல வீடுகள் பெரிய காணிக்குள், வீதியிலிருந்து உள்ளுக்கு இருக்கும். ஏ9இல் மட்டும் மேலும் கீழும் ஓடினால் கடைக்காரருக்கும் போகிற வாகனத்துக்கும்தான் கேட்கும். உருத்திரபுரம், வட்டக்கச்சி, இராமநாதபுரம், அக்கராயன் என்று உள் வீதிகளை நாளுக்கொன்றாகப் பிரித்துக் கடதாசியில் எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுக்காவிட்டால் சாரதி தார் வீதியில்தான் ஓடுவார். கிரவலில் ஸ்பீக்கர் குலுங்கும் என்று அவருக்கும் நியாயம் இருக்கிறது, அதற்குரிய காசைப் பேசிக்கொள்ளுங்கள்.

சந்தியில் நிற்கும்போது இரண்டு நிமிடம், மூன்று சுற்று. அதற்கு மேல் நின்றால் கடைக்காரர் கையைக் காட்டுவார். பாடசாலை நேரத்தில் பாடசாலை வாசல், ஆஸ்பத்திரி, பூசை நேரத்தில் கோயில், தேவாலயம் ஆகிய இடங்களில் நிறுத்திவிட வேண்டும். ஒழுங்கையில் செத்தவீடு நடந்தால் சத்தமில்லாமல் கடந்து போய், அடுத்த ஒழுங்கையில் தொடங்க வேண்டும். இதை முதல் நாளே சாரதிக்குச் சொல்லி வையுங்கள்.

11. வட்ஸ்அப்புக்கு மாற்றும்போது

அதே 49 சொல்லைக் குரலாக அனுப்பலாம், ஆனால் முதல் பிரதியை மட்டும். "இன்று" என்று சொல்லும் பதிவு அடுத்த நாளும் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும். எழுத்தாக அனுப்பினால் முதல் வரியில் திகதியும் இடமும் இருக்கட்டும், படத்தைத் திறக்காமலே அந்த வரி தெரியும். இங்கே தொலைபேசி இலக்கத்தைச் சேர்க்கலாம், அழுத்தி எடுக்க முடியும்.

12. மழைக்கென்று நாலாவது கோப்பு

முதல் மூன்றையும் பதிந்த அதே நாளில், அதே குரலில் இதையும் பதிந்து வைத்துவிடுங்கள்: "இன்று நடக்க இருந்த இசைமாலை மழையால் பிற்போடப்பட்டுள்ளது. ரிக்கெற்றைப் பத்திரமாக வைத்திருங்கள், அது புதிய திகதிக்குச் செல்லும். காசு திருப்பி வேண்டுமானவர்கள் வாங்கிய கடையில் பெறலாம்." சனிக்கிழமை மத்தியானம் மைதானத்தில் தண்ணீர் நிற்கும்போது குழுவில் எவருக்கும் நிதானமாக எழுத வராது, நல்ல குரல்காரர் ஒலியமைப்புக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். பிற்பகல் இரண்டு மணிக்கு முடிவெடுத்தால், மூன்று மணிக்கு ஓட்டோ பரந்தனைத் தாண்டியிருக்க வேண்டும். தூரத்துக் கிராமத்தில் இருந்து வருபவர்கள் நாலு மணிக்கே வெளிக்கிட்டுவிடுவார்கள்.